கிரிப்டோவில் பணம் கட்டச் சொல்லும் சூதாட்டத் தளங்கள்: நெல்லைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டை, டவுண், மேலப்பாளையம், அம்பாசமுத்திரம் என்று எந்தப் பக்கமிருந்து வந்தாலும் சந்தேகங்கள் ஒரே மாதிரிதான் இருக்கின்றன. அதனால் ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறோம். கேள்விகளைக் கேட்டவர்கள் வாயில் வந்தபடியே விட்டிருக்கிறோம். இந்தத் தளங்கள் பெரும்பாலும் கேட்பது USDT என்ற நாணயத்தை என்பதால், பதில்களிலும் அதுதான் அதிகம் வரும்.

ஜிபேல போடுததும் கிரிப்டோல போடுததும் ஒண்ணுதான அண்ணாச்சி? ரெண்டும் பணந்தான?

ஜிபேயில் ஆயிரம் ரூபாய் அனுப்பினால் நடுவில் உங்கள் வங்கி இருக்கிறது, வாங்கியவரின் வங்கி இருக்கிறது, யுபிஐயை நடத்தும் என்.பி.சி.ஐ. இருக்கிறது. தகராறு வந்தால் 12 இலக்க யுடிஆர் எண்ணைச் சொல்லி வங்கியில் புகார் கொடுக்கலாம். வங்கி கண்டுகொள்ளாவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். பணம் போன கணக்குக்கு ஒரு பெயரும் ஆதாரும் பான் எண்ணும் இருக்கும்.

கிரிப்டோவில் அந்த நடு ஆட்கள் யாரும் கிடையாது. நீங்கள் அனுப்புவது ஒரு முகவரிக்கு. அது வெறும் எழுத்தும் எண்ணும்தான், அதன் பின்னால் யார் என்று எங்கும் எழுதியிருக்காது. அனுப்புவதும் ஒரே தாவலில் முடிவதில்லை. முன்பின் தெரியாத ஒருவருக்கு ரூபாய் கொடுத்து USDT வாங்குகிறீர்கள். அது எக்ஸ்சேஞ்ச் என்ற கிரிப்டோ வாங்கி விற்கும் செயலியில் உங்கள் கணக்குக்கு வருகிறது. அங்கிருந்து தளம் கொடுத்த முகவரிக்குப் போகிறது. மூன்று படிக்கும் மூன்று விதமான ஆபத்து. கீழே ஒவ்வொன்றாக வருகிறது.

USDT-ன்னா டாலர்தான்னு சொல்லுதாவ. அப்போ வெல ஏறாது எறங்காதுல்லா?

அது அமெரிக்க அரசாங்கத்தின் டாலர் அல்ல. டெதர் என்ற தனியார் நிறுவனம் வெளியிடும் நாணயம். ஒன்றுக்கு ஒரு டாலர் மதிப்பு நிற்கும்படி வைத்திருக்கிறார்கள். பெரும்பாலான நாட்களில் நிற்கிறது. ஆனால் இந்த வகை நாணயம் சறுக்காது என்று யாரும் உத்தரவாதம் தரவில்லை. டெர்ரா நிறுவனத்தின் UST-யும் ஒரு டாலர் என்றுதான் விற்கப்பட்டது. 2022 மே மாதம் சில நாட்களில் ஒன்றுமில்லாமல் போனது. 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது இதே வகை நாணயமான USDC-கூட ஒரு டாலரிலிருந்து 90 சென்டுக்கும் கீழே போய்த்தான் திரும்பி வந்தது.

நம் ஊர்க்காரருக்கு இதைவிட அன்றாடத்தில் இடிப்பது வேறொன்று. ஆளுக்கு ஆள் நேரடியாக வாங்கி விற்கும் P2P சந்தையில் USDT-க்கு ரூபாய் விலை வைப்பது விற்கிறவர்தான். வாங்கும்போது டாலர் விலையைவிடக் கூடுதலாகக் கொடுப்பீர்கள், விற்கும்போது குறைவாக வாங்குவீர்கள்.

ஒம்பதாயிரம் போட்டேன். ஒரு ஆட்டங்கூட ஆடாம திருப்பி எடுத்தா ஒம்பதாயிரம் வந்துருமா?

வராது. கணக்குப் போட்டுப் பார்ப்போம். விலைகளும் கட்டணங்களும் நாளுக்கு நாள், தளத்துக்குத் தளம் மாறும். இவை கணக்குக்காக எடுத்துக்கொண்ட எண்கள். P2P-யில் 90 ரூபாய் வீதம் வாங்கினால் 9,000 ரூபாய்க்கு 100 USDT. எக்ஸ்சேஞ்சிலிருந்து அனுப்ப 1 USDT கட்டணம், தளத்தில் ஏறுவது 99. திருப்பி எடுக்கத் தளம் 2 USDT பிடிக்கிறது, கைக்கு 97. அதை 87 ரூபாய் வீதம் விற்றால் 8,439 ரூபாய். விற்பனை மேல் 1 சதவீதம் டிடிஎஸ், அதாவது 84 ரூபாய் போக வங்கிக்கு வருவது 8,355.

சீட்டைத் தொடாமலேயே 645 ரூபாய் போய்விட்டது. டிடிஎஸ் தொகையை மட்டும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்யும்போது ஈடுகட்டிக்கொள்ளலாம். அதோடு, போட்ட தொகையை ஒரு தடவையாவது பந்தயத்தில் சுழற்றாமல் எடுக்க விடமாட்டோம் என்று பல தளங்கள் விதி வைத்திருக்கின்றன. ஆகவே ‘ஆடாம எடுக்கது’ என்பதே பல இடங்களில் நடக்காது.

பிட்காயின்ல போட்டா வெல ஏறும்போது நமக்கு லாபந்தான?

உங்கள் இருப்பைத் தளம் எதில் காட்டுகிறது என்று முதலில் பாருங்கள். சில தளங்கள் பிட்காயின் வந்த நிமிடமே தங்கள் விலையில் டாலராக மாற்றிவிடும். பிறகு விலை ஏறினால் லாபம் தளத்துக்கு, உங்கள் கணக்கில் அதே டாலர்தான் நிற்கும். வேறு சில தளங்கள் BTC-யாகவே வைத்திருக்கும். அங்கே ஆட்டத்தின் முடிவு ஒரு பக்கம், விலை இன்னொரு பக்கம் என்று இரண்டு சூதாட்டம் ஒன்றாக நடக்கிறது.

ஒரு பிட்காயின் 50 லட்சம் ரூபாய் விற்கும்போது 0.002 BTC போடுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம், 10,000 ரூபாய். நன்றாக ஆடி 10 சதவீதம் ஜெயித்து 0.0022 ஆக்கிவிட்டீர்கள். எடுக்கக் கேட்டால் ‘பரிசீலனையில் இருக்கிறது’ என்று நாலைந்து நாள் இழுக்கிறார்கள். அதற்குள் விலை 15 சதவீதம் இறங்கி 42.5 லட்சம் ஆனால் உங்கள் 0.0022-இன் மதிப்பு 9,350 ரூபாய். ஜெயித்தும் 650 நட்டம். அந்த நாலைந்து நாளும் விற்கவும் முடியாது, ஏனென்றால் காசு அவர்கள் கையில். பிட்காயின் 2021 நவம்பரில் 69,000 டாலரைத் தொட்டது, அடுத்த ஆண்டு நவம்பரில் 16,000 பக்கம் கிடந்தது. 15 சதவீத இறக்கத்தை அபூர்வம் என்று நினைக்க வேண்டாம்.

நெட்வொர்க்குன்னு மூணு நாலு காட்டுது. எதுல சார்ஜ் கம்மியோ அதுல அனுப்பினா என்ன?

இங்கேதான் நிறையப் பேர் காசை விடுகிறார்கள். USDT ஒரே பெயர்தான், ஆனால் பிளாக்செயின் எனப்படும் பல தனித்தனி சங்கிலிகளில் ஓடுகிறது. திரையில் TRC20 என்றால் டிரான், ERC20 என்றால் எத்தீரியம், BEP20 என்றால் பிஎன்பி சங்கிலி. டிரான் முகவரி T என்ற எழுத்தில் தொடங்கும், 34 எழுத்து. எத்தீரியம் முகவரி 0x என்று தொடங்கும், மொத்தம் 42 எழுத்து. டிரான் முகவரியை ஒட்டிவிட்டு BEP20-ஐத் தேர்ந்தால் ‘முகவரி தவறு’ என்று செயலியே நிறுத்திவிடும். அந்தத் தப்பு பெரும்பாலும் நடக்காது.

நடக்கிற தப்பு இது: BEP20 முகவரியும் எத்தீரியம் முகவரியைப் போலவே 0x-இல் தொடங்கி 42 எழுத்து இருக்கும். தளம் ERC20-க்கு மட்டும் என்று ஒரு 0x முகவரி கொடுக்கிறது. உங்கள் எக்ஸ்சேஞ்சில் ERC20-க்குக் கட்டணம் அதிகம், BEP20-க்குக் குறைவு. குறைந்ததைத் தேர்கிறீர்கள். எந்தச் செயலியும் தடுக்காது, பணமும் போய்ச் சேரும். ஆனால் பிஎன்பி சங்கிலியில் அதே முகவரியில் போய் உட்காரும். தளத்தின் கணினி பார்ப்பது எத்தீரியம் சங்கிலியை மட்டும். உங்கள் கணக்கில் ஏறாது. அந்த முகவரியின் சாவி தளத்திடம் இருப்பதால் அவர்கள் மனது வைத்தால் எடுத்துத் தர முடியும். தராவிட்டால் உங்களால் செய்ய ஒன்றுமில்லை.

பணம் போடும் பக்கத்தில் கியூஆர் படத்துக்குக் கீழே சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தில் `Min deposit: 10 USDT` போல ஒரு வரி இருக்கும், அதையும் படியுங்கள். அதற்குக் கீழே அனுப்பினால் ஏற்றவும் மாட்டோம், திருப்பவும் மாட்டோம் என்பது வழக்கமான விதி. 10 என்று கணக்காக அனுப்பி, எக்ஸ்சேஞ்ச் கட்டணம் போக 9 போய்ச் சேர்ந்தவர்கள் உண்டு.

அட்ரஸ காப்பி பேஸ்ட்தான பண்ணுதேன், அதுல எப்படித் தப்பு வரும்?

இரண்டு வழி. உங்கள் போனிலோ கம்ப்யூட்டரிலோ தீம்பொருள் இருந்தால், நீங்கள் காப்பி செய்த முகவரியைத் திருடனின் முகவரியாக மாற்றி வைத்துவிடும். கண்ட இடத்தில் இறக்கிய APK கோப்புகளால் இது வருகிறது. பல சூதாட்டச் செயலிகள் பிளே ஸ்டோரில் இல்லாமல் APK-ஆகத்தான் வருகின்றன என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

இன்னொன்று, பழைய பரிமாற்றப் பட்டியலிலிருந்து முகவரியை எடுப்பது. நீங்கள் அடிக்கடி அனுப்பும் முகவரியின் முதல் நாலெழுத்தும் கடைசி நாலெழுத்தும் அப்படியே வரும்படி ஒரு முகவரியைத் தயாரித்து, அதிலிருந்து உங்கள் வாலட்டுக்கு ஒரு சல்லிக்காசை அனுப்பி வைப்பார்கள். அது பட்டியலில் மேலே வந்து நிற்கும். செயலி நடு எழுத்துகளைப் புள்ளி வைத்து மறைப்பதால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். ஒவ்வொரு முறையும் அசல் பக்கத்திலிருந்தே எடுத்து, நடுவில் ஆறெட்டு எழுத்தையும் ஒப்பிட வேண்டும். அசல் பக்கத்திலிருந்து எடுப்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு: தளம் உங்களுக்குக் கொடுத்த முகவரியை இடையில் மாற்றலாம், பழையதைக் கவனிப்பதை நிறுத்திவிடலாம்.

அனுப்பிட்டேன், சைட்டுல ஏறல. ரிவர்ஸ் பண்ண முடியுமா?

எக்ஸ்சேஞ்சில் ‘Processing’ என்று மட்டும் காட்டி, பரிமாற்ற எண்ணான TXID இன்னும் வராவிட்டால், ரத்து பொத்தான் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். TXID வந்துவிட்டால் எக்ஸ்சேஞ்சாலும் திருப்ப முடியாது. முடியாது என்பது நிறுவனத்தின் பிடிவாதம் அல்ல, சங்கிலியில் ‘திருப்பு’ என்ற வேலையே கிடையாது. வாங்கியவர் தானாக அனுப்பினால்தான் உண்டு.

TXID என்பது 64 எழுத்துள்ள எண். டிரான் என்றால் tronscan.org, எத்தீரியம் என்றால் etherscan.io, பிஎன்பி என்றால் bscscan.com-இல் அதைப் போட்டுப் பாருங்கள். தோல்வி என்று காட்டினால் நாணயம் உங்களிடமேதான் இருக்கிறது, கட்டணம் மட்டும் போயிருக்கும். டிரானில் கட்டணத்துக்கு அதன் சொந்த நாணயமான TRX போதிய அளவு இல்லாதபோது `OUT OF ENERGY` என்று இப்படி வரும். வெற்றி என்று காட்டி, சேர்ந்த முகவரியும் நெட்வொர்க்கும் தளம் கொடுத்ததுதான் என்றால், பணம் அவர்களிடம் போய்விட்டது, ஏற்றாதது அவர்கள் பொறுப்பு. அந்தப் பக்கத்தையும் தளத்தின் பணம் போடும் பக்கத்தையும் தேதி நேரத்தோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள். உதவி அரட்டையில் TXID மட்டும் கொடுத்தால் போதும். வாலட்டைத் திறக்கும் 12 அல்லது 24 மீட்புச் சொற்களை யார் கேட்டாலும் அவர் திருடன்.

லைசென்ஸ் இருக்குன்னு கீழ முத்திரை போட்டிருக்கானே. அவங்கட்ட புகார் குடுக்கலாம்லா?

முத்திரை ஒரு படம், யாரும் ஒட்டலாம். அதைத் தொட்டால் உரிமம் கொடுத்தவரின் தளத்துக்குப் போய், நீங்கள் இருக்கும் அதே இணைய முகவரியைக் காட்ட வேண்டும். பல இடங்களில் ஒன்றும் நடக்காது. உண்மையாகவே இருந்தாலும் அது பெரும்பாலும் குராசோ மாதிரி ஒரு கரீபியன் தீவின் உரிமமாக இருக்கும். இந்தியாவில் ஆட்டம் நடத்த அது அனுமதி ஆகாது.

‘ப்ரோவபிலி ஃபேர்’ என்று போட்டிருப்பதையும் சிலர் கேட்கிறார்கள். ஆட்டம் தொடங்குமுன் தளம் ஒரு குறியீட்டைக் காட்டும், முடிந்தபின் அதன் மூலத்தைத் திறந்து காட்டும். நடுவில் முடிவை மாற்றவில்லை என்று சரிபார்க்கலாம். அவ்வளவுதான். ஜெயித்த காசைக் கொடுப்பார்கள் என்பதற்கு அதில் ஓர் உறுதியும் இல்லை.

அம்பது போட்டா அம்பது போனஸ் தாரான். நமக்கு நல்லதுதான?

நிபந்தனையில் `40x (deposit + bonus)` என்று இருந்தால், 100 USDT-யின் 40 மடங்கு, அதாவது 4,000 USDT-க்குப் பந்தயம் கட்டிய பிறகுதான் எடுக்க முடியும். ஆட்டம் சராசரியாக 4 சதவீதம் தளத்துக்கு ஒதுக்கிக்கொள்கிறது என்றால் அந்த 4,000-இல் எதிர்பார்க்கும் நட்டம் 160. கையில் இருப்பதே 100. நிபந்தனை முடியும் முன்பே இருப்பு தீர்ந்துபோவதுதான் இயல்பு. போனஸ் நடப்பில் இருக்கும்போது நீங்கள் போட்ட 50-ஐயும் சேர்த்துப் பூட்டுவார்கள். போனஸ் வேண்டாம் என்று பணம் போடும் முன்பே நீக்கிவிட வழி இருக்கிறதா என்று பாருங்கள்.

ரெண்டு லட்சம் ஜெயிச்சிருக்கேன்னு காட்டுது. எடுக்கணும்னா பதினஞ்சு பர்சன்ட் டாக்ஸ் முதல்ல கட்டச் சொல்லுதான். கட்டலாமா?

கட்டாதீர்கள். வரி பிடிக்கிறவர் இருப்பிலிருந்து கழித்துக்கொண்டு மீதியைக் கொடுப்பார். புதிதாக USDT அனுப்பச் சொல்கிற இடத்தில் திரையில் தெரியும் இரண்டு லட்சம் வெறும் எண். கட்டினால் அடுத்து ‘சரிபார்ப்புக் கட்டணம்’, பிறகு ‘பணமோசடித் தடுப்பு வைப்புத்தொகை’ என்று பெயர் மாறிக்கொண்டே போகும்.

இதில் ஏமாந்தவர்களைத் தேடி டெலிகிராமில் இன்னொரு கூட்டம் வரும், ‘ஹேக் பண்ணி மீட்டுத் தாரோம், முன்பணம் கொடுங்க’ என்று. மேலே ஏறாத பணம் பற்றிச் சொன்னதை நினைத்துக்கொள்ளுங்கள்: சங்கிலியில் திருப்பும் வழியே இல்லாதபோது அவர் எதைத் திருப்புவார்?

கன்ஸ்யூமர் கோர்ட்டுக்குப் போனா கிடைக்காதா சார்?

2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே, அதாவது திருநெல்வேலியிலேயே வழக்குப் போடலாம், அது நல்ல வசதி. ஆனால் நோட்டீஸ் போவது யாருக்கு? தளத்தில் இருப்பது ஒரு தீவின் தபால் பெட்டியும் அரட்டைப் பொத்தானும். உத்தரவே வாங்கினாலும் நிறைவேற்ற இங்கே அவர்களுக்குச் சொத்து கிடையாது.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை 1872 இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 30-ஆவது பிரிவு. பந்தய ஒப்பந்தம் செல்லாது, அதில் ஜெயித்ததாகச் சொல்லும் பணத்தைக் கேட்டு வழக்குப் போட முடியாது என்கிறது. கார்டில் போயிருந்தால் வங்கி மூலம் சார்ஜ்பேக் கேட்டுப் பார்க்கவாவது இடம் உண்டு, கிரிப்டோவில் அதுவும் இல்லை.

1930-க்கு அடிச்சா என்னையே புடிச்சிருவாங்களோன்னு பயமா இருக்கு.

பயத்துக்கு ஆதாரம் இல்லாமல் இல்லை. தமிழ்நாட்டின் 2022 இணையவழிச் சூதாட்டத் தடைச் சட்டத்தில் ஆடுகிறவருக்கும் மூன்று மாதம் வரை சிறை அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும் உண்டு. மத்திய அரசின் 2025 இணையவழி விளையாட்டுச் சட்டம் நடத்துகிறவர், விளம்பரம் செய்கிறவர், பணப் பரிமாற்றம் செய்து தருகிறவர் மேல்தான் பாய்கிறது. ஆடுகிறவருக்கு அதில் தண்டனை இல்லை. பெரிய தொகை என்றால் வக்கீல் ஒருவரிடம் கேட்டுவிட்டுப் புகார் எழுதுவது நல்லது, ஆனால் அதற்காக நாட்களைக் கடத்த வேண்டாம்.

சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள், அல்லது cybercrime.gov.in-இல் பதியுங்கள். யுடிஆர் எண், TXID, அனுப்பிய முகவரி, ஸ்கிரீன்ஷாட்டுகள் கையில் இருக்கட்டும். ரூபாய் இன்னும் ஏதாவது வங்கிக் கணக்கில் கிடந்தால் நிறுத்திவைக்க முடியும். USDT-யையும் காவல்துறை கேட்டால் டெதர் நிறுவனம் சில முகவரிகளில் முடக்கியிருக்கிறது. இரண்டுக்கும் மணிக்கணக்குதான் அவகாசம். ஒன்றைக் கவனியுங்கள்: P2P-யில் உங்களுக்கு ஒழுங்காக USDT கொடுத்த ஆள் உங்களை ஏமாற்றவில்லை. தளத்தின் மேலுள்ள கோபத்தில் அவர் கணக்கைக் குறிப்பிட்டுப் புகார் கொடுத்தால் முடங்குவது அவர் பிழைப்பு.

தம்பிட்ட ஒருத்தன் பேங்க் அக்கவுண்ட்ட கேக்கான், வந்த பணத்தை USDT-யா மாத்திக் குடுத்தா ரெண்டு பர்சன்ட் கமிஷனாம். குடுக்கலாமா?

கூடாது. அந்தக் கணக்குக்கு வருவது வேறு யாரிடமோ ஏமாற்றிய பணமாக இருக்கலாம். விசாரணை வரும்போது ஏட்டில் இருப்பது உங்கள் தம்பி பெயரும் பான் எண்ணும்தான். ஏடிஎம் கார்டையும் சிம்மையும் ஏற்கெனவே கொடுத்திருந்தால் இன்றே கிளைக்குப் போய்க் கார்டை முடக்கி, எழுத்தில் கொடுத்து, அதன் நகலில் முத்திரை வாங்குங்கள்.

நான் ஜெயிச்ச USDT-ய வித்தேன், அவ்வளவுதான். என் அக்கவுண்ட எதுக்கு முடக்கினாங்க?

உங்களிடம் USDT வாங்கியவர் கட்டிய ரூபாய் திருட்டுப் பணமாக இருந்திருக்கும். அதைப் பறிகொடுத்தவர் எங்கோ புகார் கொடுக்க, பணம் போன தடத்தில் உள்ள கணக்குகளைக் காவல்துறை நிறுத்தச் சொல்லும். புகார் வேறு மாநிலத்தில் இருப்பது சாதாரணம்.

கிளையில் போய்ச் சண்டை போடுவதில் பயனில்லை. மூன்று விவரம் கேட்டு வாங்குங்கள்: புகாரின் ஒப்புகை எண், எந்தக் காவல் நிலையம், எவ்வளவு தொகைக்குத் தடை. 4,000 ரூபாய்க்குத்தான் தகராறு என்றால் முழுக் கணக்கையும் விடுவித்து அந்தத் தொகையை மட்டும் லியன் போட்டு நிறுத்திவைக்கும்படி விசாரணை அதிகாரிக்கு எழுதலாம். P2P ஆர்டர் எண், வாங்கியவருடன் நடந்த அரட்டை, வந்த யுடிஆர், USDT விடுவித்த பதிவு எல்லாவற்றையும் இணையுங்கள். பதிலே வராவிட்டால் நீதிமன்றம்தான். USDT எங்கிருந்து வந்தது என்று அதிகாரி அடுத்துக் கேட்பார். அதற்கு நீங்கள் சொல்லப்போகும் பதில் ஒரு சூதாட்டத் தளம் என்பதால், எழுதும் முன்பே வக்கீலைப் பாருங்கள். கணக்கு விடுபடும்வரை சம்பளம், காஸ் மானியம் மாதிரி வரவுகளை வேறு வங்கிக்கு மாற்றி வையுங்கள்.